படமும் அட்டவணையும்: பொருத்தம் பார்ப்பது எப்படி?

2011 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி ஒரு கோட்டுப்படத்தைக் காட்டியது. அந்த ஆண்டு ஜனவரி முதல் நவம்பர் வரை நாட்டின் வேலையின்மை விகிதம் எப்படி ஏறி இறங்கியது என்பதற்கான படம் அது. மாதத்துக்கு ஒரு புள்ளி, புள்ளிக்குப் பக்கத்தில் அதன் எண். மார்ச் 8.8 சதவீதம், அக்டோபர் 9.0, நவம்பர் 8.6. எண்களில் பிழை இல்லை. அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை அப்போது வெளியிட்டிருந்த அதே எண்கள்தான். ஆனால், 8.6 என்று எழுதியிருந்த நவம்பர்ப் புள்ளி, 9.0 என்ற அக்டோபர்ப் புள்ளியின் உயரத்திலேயே கிட்டத்தட்ட நின்றது. மார்ச் மாதத்தின் 8.8 அதற்குக் கீழே இருந்தது. வேலையின்மை சட்டென்று குறைந்த மாதம், படத்தில் ஒன்றுமே நடக்காத மாதமாகத் தெரிந்தது.

வேண்டுமென்றே செய்தார்களா, கவனக்குறைவா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அறிக்கைகளைச் சரிபார்ப்பவர்களுக்கு அந்தப் படத்தில் வேறொரு செய்தி இருக்கிறது. படத்தில் உள்ள புள்ளி ஒரு பொருள். அதன் மேல் எழுதிய எண் இன்னொரு பொருள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்று சரியாக இருப்பதால் மற்றதும் சரியாக இருக்கும் என்று நம்புவதில்தான் பெரும்பாலான பிழைகள் தப்பித்து அச்சுக்குப் போகின்றன.

ஆண்டறிக்கையோ ஆய்வறிக்கையோ, மேலே ஒரு பட்டைப்படம், அதன் கீழே அட்டவணை என்று இருந்தால் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? பட்டையின் தலையில் உள்ள எண்ணைப் பார்க்கிறோம். அட்டவணையில் அதே எண் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இருந்தால் பென்சிலால் ஒரு டிக். இப்படி ஏழு பட்டைக்கும் டிக் விழுந்துவிட்டால் பக்கம் முடிந்தது. இதில் எழுத்தோடு எழுத்தைத்தான் ஒப்பிட்டிருக்கிறோம். பட்டையை யாரும் தொடவே இல்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களைக் கொண்டு பார்க்கலாம். எண்கள் உண்மையானவை. அறிக்கையை மட்டும் நாம் கற்பனை செய்துகொள்வோம்.

ஓர் அலுவலகம் சில ஆண்டுகளுக்கு முன் 1941 முதல் 2001 வரையிலான மக்கள்தொகையைப் பட்டைப்படமாகப் போட்டிருந்தது. எக்செல் தாளில் முதல் வரி தலைப்பு. இரண்டாம் வரியில் 1941, எட்டாம் வரியில் 2001. இப்போது அறிக்கையைப் புதுப்பிக்கிறார்கள். ஒன்பதாம் வரியில் 2011 சேர்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய கணக்கெடுப்புகள் மட்டும் போதும் என்று முடிவெடுத்து, 1951 முதல் 2011 வரை காட்டுகிறார்கள். அதற்காகப் படத்தின் அடியில் வரும் ஆண்டுகளை மூன்றாம் வரியிலிருந்து ஒன்பதாம் வரிக்கு மாற்றுகிறார்கள். பட்டையின் மேல் வரும் "7.21 கோடி" போன்ற லேபிள்கள் தனியாக C நெடுவரிசையில் எழுதி வைத்தவை, அவற்றையும் மாற்றுகிறார்கள். பட்டையின் உயரத்தைத் தீர்மானிக்கும் B நெடுவரிசையை மட்டும் மாற்ற மறந்துவிடுகிறார்கள். அது பழையபடி இரண்டிலிருந்து எட்டுவரை நிற்கிறது.

அச்சில் பத்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடி என்ற அளவில், பூஜ்யத்திலிருந்து தொடங்கும் படம் என்று வைத்துக்கொண்டால் விளைவு இப்படி இருக்கும்:

| ஆண்டு | லேபிளும் அட்டவணையும் (கோடி) | இருக்க வேண்டிய உயரம் (மி.மீ.) | படத்தில் உள்ள உயரம் (மி.மீ.) |
|---|---|---|---|
| 1951 | 3.01 | 30 | 26 |
| 1961 | 3.37 | 34 | 30 |
| 1971 | 4.12 | 41 | 34 |
| 1981 | 4.84 | 48 | 41 |
| 1991 | 5.59 | 56 | 48 |
| 2001 | 6.24 | 62 | 56 |
| 2011 | 7.21 | 72 | 62 |

கடைசி இரண்டு நெடுவரிசைகளைக் குறுக்காகப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையும் தனக்கு முந்தைய ஆண்டின் உயரத்தில் நிற்கிறது. 1951-ன் இடத்தில் நிற்பது 1941-ன் 2.63 கோடி. ஆனால் ஆண்டு சரி, லேபிள் சரி, அட்டவணை சரி. டிக் அடித்துக்கொண்டு போகிறவருக்கு ஏழுக்கு ஏழும் பொருந்தும். பட்டைகளும் இடமிருந்து வலமாக அழகாக ஏறிக்கொண்டே போகின்றன. மக்கள்தொகைப் படம் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழாது.

மில்லிமீட்டர்க் கணக்கில் பத்து குறைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். படம் சொல்லும் கதையே மாறிவிடுகிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே தமிழ்நாட்டின் மக்கள்தொகை 97.4 லட்சம் கூடியது. இந்த அட்டவணையில் உள்ள பத்தாண்டுகளிலேயே பெரிய ஏற்றம் அதுதான். அதற்கு முந்தைய பத்தாண்டில் கூடியது 65.5 லட்சம் மட்டுமே. வளர்ச்சி வேகம் 11.7 சதவீதத்துக்கு இறங்கி, பிறகு 15.6 சதவீதத்துக்கு ஏறியது. ஆனால், தவறான படத்தில் கடைசிப் படி என்பது 1991-லிருந்து 2001-க்குப் போன சிறிய படி. அதைப் பார்க்கிறவர், வளர்ச்சி தணிந்துகொண்டே வந்து முடிகிறது என்று எடுத்துக்கொள்வார். அட்டவணை சொல்வதற்கு நேர் எதிரான முடிவு. படத்தைப் பார்த்துவிட்டு அட்டவணைக்குள் போகாதவர்கள்தான் வாசகர்களில் பெரும்பாலோர் என்பதை நினைத்தால், இது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் பிழையைப் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. எக்செல் கோப்பு கையில் இருந்தால் ஒன்று; அச்சுப்படியோ பி.டி.எஃப்.போ மட்டும் இருந்தால் மற்றொன்று.

கோப்பு இருந்தால் வேலை எளிது. படத்தில் ஏதாவது ஒரு பட்டையைச் சொடுக்கினால், மேலே ஃபார்முலா பட்டையில் இப்படி ஒரு வரி தெரியும்:

```
=SERIES(Sheet1!$B$1,Sheet1!$A$3:$A$9,Sheet1!$B$2:$B$8,1)
```

பார்க்கக் கரடுமுரடாக இருந்தாலும் இதில் நான்கே பகுதிகள். முதலாவது, தொடரின் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. இரண்டாவது, அடியில் வரும் ஆண்டுகள் எங்கே. மூன்றாவது, பட்டையின் உயரம் எங்கிருந்து வருகிறது. நான்காவது, தொடரின் வரிசை எண். இரண்டாவதில் 3 முதல் 9. மூன்றாவதில் 2 முதல் 8. இந்த இரண்டு எல்லைகளும் ஒரே வரியில் தொடங்கி ஒரே வரியில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் படம் தவறு, அளவுகோலே வேண்டாம். மூன்றாவது பகுதியை `$B$3:$B$9` என்று திருத்தினால் பட்டைகள் அந்த நொடியே எழுந்து சரியான உயரத்துக்கு வந்துவிடும்.

ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். லேபிள் எங்கிருந்து வருகிறது என்பது இந்த வரியில் இருக்காது. எக்செல் 2013 முதல், லேபிளுக்கு என்று தனியாக ஒரு கட்ட வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. திரையில் அதன் பெயர் `Value From Cells`. கோடி, லட்சம் என்று தமிழில் லேபிள் போட விரும்புகிறவர்களுக்கு இது மிக வசதியானது. ஆபத்தும் இங்கேதான். பட்டை ஒரு வரிசையிலிருந்தும் லேபிள் இன்னொரு வரிசையிலிருந்தும் வரலாம், எக்செல் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. நான் சிபாரிசு செய்யும் சோதனை இதுதான்: லேபிள் அமைப்பைத் திறந்து `Value From Cells` என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு, `Value` என்பதற்கு டிக் போடுங்கள். இப்போது ஒவ்வொரு பட்டையும் தான் உண்மையில் எந்த எண்ணை வரைந்திருக்கிறது என்பதைத் தானே சொல்லும். 1951-ன் தலையில் 26267507 என்று வந்து நிற்கும்போது விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும். பார்த்து முடித்ததும் லேபிளைப் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

லேபிள் கெட்டுப்போக இன்னொரு வழி, யாரோ ஒருவர் அதன் மேல் சொடுக்கி எண்ணைக் கையால் திருத்தியிருப்பது. அப்படித் திருத்திய நொடியில் அந்த லேபிளுக்கும் தாளுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. பிறகு தரவு பத்து முறை மாறினாலும் அந்த ஒரு லேபிள் மட்டும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். `Reset Label Text` என்ற கட்டளை அதைத் திரும்பவும் தரவோடு கட்டிவிடும். அறிக்கை அச்சுக்குப் போகும் முன் எல்லா லேபிள்களுக்கும் ஒருமுறை அதைச் செய்துவிடுவது நல்லது. ஏதாவது எண் மாறினால், அது யாரோ கைவைத்த இடம். ஏன் வைத்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில சமயம் கையால் திருத்தியதுதான் சரியான எண்ணாக இருக்கும், தாளில் உள்ளது பழசாக இருக்கும்.

இனி, கோப்பு இல்லாத நிலை. படம் லே-அவுட்டுக்குள் படமாகவே ஒட்டப்பட்டு, பி.டி.எஃப். ஆகி நம் கைக்கு வந்திருக்கிறது. புரூஃப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இருக்கும் நிலை இதுதான். இங்கே தேவை ஒரு அளவுகோலும் ஒரு துண்டுக் காகிதமும்.

காகிதத் துண்டு எதற்கு என்றால், லேபிளை மறைக்க. எண்ணைப் பார்த்துவிட்டு அளந்தால், கண் அந்த எண்ணுக்கு ஏற்றபடி உயரத்தைப் படித்துவிடும். 7.21 என்று படித்த பிறகு, பட்டை 7-ஐத் தாண்டியிருப்பது போலத்தான் தோன்றும். அதனால் முதலில் லேபிள்களை மூடிவிட்டு, ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு காட்டுகிறது என்று பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் லேபிளையும் அட்டவணையையும் திறக்க வேண்டும்.

அளப்பதற்குப் பின்னணியில் ஓடும் கிடைக்கோடுகள்தான் ஆதாரம். படம் அச்சில் சுருங்கியிருக்கலாம், திரையில் பெரிதாகியிருக்கலாம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு கிடைக்கோடுகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு படத்தில் கோடுகள் ஒரு கோடிக்கு ஒன்றாக இருக்கின்றன, இடைவெளி 14 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2011-ன் பட்டை, 7 என்ற கோட்டைத் தாண்டி 3 மி.மீ. மேலே போயிருக்கிறது. மூன்றைப் பதினான்கால் வகுத்தால் 0.21. ஆக, பட்டை காட்டுவது 7.21 கோடி. பொருந்துகிறது. அதே பட்டை 6 என்ற கோட்டைத் தாண்டி மூன்றரை மில்லிமீட்டர் மட்டும் போயிருந்தால், அது 6.25 அளவுக்குக் காட்டுகிறது. அப்போது அட்டவணையில் 6.24 என்பது யாருடைய எண் என்று தேடினால், முந்தைய வரியில் 2001 நிற்கும். ஒரு பட்டை தவறி இன்னொரு வரியின் எண்ணோடு பொருந்தினால், வரிசை நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எல்லாப் பட்டைகளையும் பார்த்தாக வேண்டும்.

அச்சு எங்கே தொடங்குகிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். மேலே சொன்ன படத்தில் அடிக்கோடு பூஜ்யமாக இல்லாமல் 2 கோடியாக இருந்தால், 2011-ன் பட்டை 73 மி.மீ. உயரமும் 1951-ன் பட்டை 14 மி.மீ. உயரமும் இருக்கும். கிடைக்கோட்டை வைத்து அளந்தால் இரண்டும் அட்டவணையோடு சரியாகவே பொருந்தும். ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு மக்கள்தொகை ஐந்து மடங்கு ஆனது போல் தெரியும். உண்மையில் ஆனது 2.4 மடங்கு. பட்டைப்படத்தில் நீளம்தான் செய்தி. ஆகவே பட்டைகள் பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. எண்கள் பொருந்தினாலும் இந்தப் படத்தைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். முப்பரிமாணப் பட்டைகளையும் அப்படியே. அவற்றில் பட்டை ஓரிடத்திலும் கிடைக்கோடு பின்சுவரிலும் இருப்பதால், பட்டையின் தலை எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பதை நேர்மையாகச் சொல்லவே முடியாது. சரிபார்க்க முடியாத படம் அறிக்கையில் இருக்கக்கூடாது.

அளவுகோலுக்கும் எல்லை உண்டு. சாதாரண ஸ்கேலில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே நம்பிப் படிக்க முடியாது. பத்து மில்லிமீட்டருக்கு ஒரு கோடி என்றால், அரை மில்லிமீட்டர் என்பது ஐந்து லட்சம் பேர். அதற்குக் குறைவான பிழை அளவுகோலுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பிழைகளை எண்களின் மூலத்தைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும்.

அந்த வகையில் அடிக்கடி வருவது, படம் ஒரு வெளியீட்டிலிருந்தும் அட்டவணை இன்னொரு வெளியீட்டிலிருந்தும் எடுக்கப்படுவது. 2011 கணக்கெடுப்புக்கு அந்த ஆண்டிலேயே தற்காலிக முடிவுகள் வந்தன. இறுதி முடிவுகள் 2013-ல் வந்தன. தமிழ்நாட்டின் மக்கள்தொகை தற்காலிக முடிவில் 7,21,38,958, இறுதியில் 7,21,47,030. வித்தியாசம் 8,072 பேர். கோடியில் எழுதினால் இரண்டுமே 7.21 என்பதால் படத்தில் எதுவும் தெரியாது. ஆனால் எழுத்தறிவில் அது வெளியே வந்துவிடும். தற்காலிக முடிவில் மாநிலத்தின் எழுத்தறிவு 80.33 சதவீதம், இறுதியில் 80.09. பெண்களுடையது 73.86-லிருந்து 73.44 ஆனது. 2011-ல் வரைந்த படத்தை எடுத்துப் போட்டு, அடியில் இறுதி அட்டவணையை வைத்தால், பட்டையின் மேல் 73.9 இருக்கும், அட்டவணையில் 73.4 இருக்கும். இரண்டுமே அரசு வெளியிட்ட எண்கள். இப்படி அரைச் சதவீத அளவில் வித்தியாசம் வந்தால், எண்ணைத் திருத்தும் முன் படத்தின் அடிக்குறிப்பையும் அட்டவணையின் அடிக்குறிப்பையும் படியுங்கள். இரண்டிலும் ஒரே வெளியீட்டின் பெயர் இருக்க வேண்டும். "மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது.

இன்னொரு சிறு வித்தியாசம் முழுமைப்படுத்துவதால் வருவது. அட்டவணையில் பத்தாண்டு வளர்ச்சி 15.6 சதவீதம், படத்தில் 15.5 என்று இருந்தால் யாரோ தட்டச்சில் தவறவிட்டார்கள் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு எண்களை வைத்து வகுத்தால் 15.61 வரும். 7.21-ஐ 6.24-ஆல் வகுத்தால் 15.54 வரும், முழுமைப்படுத்தினால் 15.5. படம் வரைந்தவர் ஏற்கெனவே சுருக்கிய கோடி எண்களிலிருந்து சதவீதம் கண்டிருக்கிறார். முழு எண்ணில் கணக்குப் போட்டுவிட்டுக் கடைசியில் சுருக்குவதுதான் முறை என்பதால், இங்கே திருத்த வேண்டியது படத்தைத்தான்.

எண்களைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வண்ணக்குறிப்பு. இரண்டு தொடர்கள் அடுத்தடுத்து நிற்கும் படத்தில், எந்த வண்ணம் எதைக் குறிக்கிறது என்பது மாறிப்போனால் எல்லா எண்களும் சரியாக இருந்தும் படம் முழுவதும் பொய்யாகிவிடும். ஆண், பெண் எழுத்தறிவில் மாறினால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், ஆண்கள் 86.77, பெண்கள் 73.44 என்று பெரிய இடைவெளி இருக்கிறது, எது உயரமாக இருக்கும் என்று பலருக்கும் தெரியும். ஆனால் 2011-ல் தமிழ்நாட்டில் கிராமப்புறத்தில் வசித்தவர்கள் 51.6 சதவீதம், நகர்ப்புறத்தில் 48.4 சதவீதம். இந்த இரண்டும் இடம் மாறினால், தமிழ்நாடு நகரமயமான மாநிலம் என்று கேட்டுப் பழகிய நமக்கு மாறிய படமே இயல்பாகத் தோன்றும். இதற்கு ஒரே வழி, ஏதாவது ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு, அதன் வண்ணத்திலிருந்து வண்ணக்குறிப்புக்கும், அங்கிருந்து அட்டவணையின் நெடுவரிசைத் தலைப்புக்கும், அங்கிருந்து எண்ணுக்கும், எண்ணிலிருந்து மறுபடி பட்டையின் உயரத்துக்கும் விரல் வைத்து ஒரு சுற்று வருவது. தொடருக்கு ஒரு பட்டை போதும். கறுப்பு வெள்ளையில் அச்சாகும் அறிக்கை என்றால், கறுப்பு வெள்ளைப் படியில்தான் இதைச் செய்ய வேண்டும்; திரையில் சிவப்பும் பச்சையுமாக இருந்தவை காகிதத்தில் ஒரே சாம்பலாக வந்து நிற்கலாம்.

படுக்கைப் பட்டைகளில் பெயர்கள் தலைகீழாகிவிடும் வழக்கமும் உண்டு. எக்செல், அட்டவணையின் முதல் வரியைப் படத்தின் அடியில் வரையும். எழுத்தறிவில் முதலிடத்தில் உள்ள கன்னியாகுமரி அட்டவணையில் மேலேயும் படத்தில் அடியிலும் இருக்கும். கடைசியில் உள்ள தருமபுரி படத்தின் உச்சிக்குப் போய்விடும். பெயர்கள் எக்செலிலிருந்தே வந்தால் வரிசைதான் மாறும், பொருத்தம் கெடாது. லே-அவுட் செய்பவர் தமிழ் எழுத்துரு சரியாக வரவில்லை என்று பெயர்களை அழித்துவிட்டு, அட்டவணையைப் பார்த்து மேலிருந்து கீழாகத் தட்டச்சு செய்தால்தான் விபத்து. தமிழ் அறிக்கைகளில் எழுத்துருச் சிக்கல் இன்னும் தீராததால் இதைத் தனியாகச் சொல்கிறேன். எக்செலில் `Categories in reverse order` என்பதற்கு டிக் போட்டுவிட்டால் படமும் அட்டவணையும் ஒரே வரிசையில் வந்துவிடும், தட்டச்சு செய்பவருக்கும் குழப்பம் இருக்காது.

முடிந்தால் இந்த வேலையை இரண்டு பேராகச் செய்யுங்கள். அச்சகங்களில் ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க, மற்றவர் புரூஃபில் பார்த்துக்கொண்டே வரும் பழக்கம் நெடுநாளாக உண்டு. படத்துக்கும் அது பொருந்தும், ஒரு மாற்றத்தோடு. படத்தை வைத்திருப்பவர் படிக்க வேண்டும். அட்டவணையை வைத்திருப்பவர் கேட்க வேண்டும். "நகர்ப்புறம், 2001, நாற்பத்து நான்கை ஒட்டி" என்று பட்டையின் உயரத்தைப் பார்த்து ஒருவர் சொல்ல, "44.04, சரி" என்று மற்றவர் சொல்ல வேண்டும். அட்டவணைக்காரர் முதலில் எண்ணைச் சொல்லிவிட்டால், படக்காரர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

கடைசியாக ஒன்று. படமும் அட்டவணையும் பொருந்தவில்லை என்று தெரிந்ததும், அட்டவணைதான் சரி என்று எடுத்துக்கொண்டு படத்தைத் திருத்திவிடுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அட்டவணையும் ஒரு மனிதர் தட்டச்சு செய்ததுதான். 7,21,47,030 என்பதை 7,12,47,030 என்று அடித்துவிடுவது எளிது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 9,00,000. அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். கணக்குப்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் சோதனை இது. படத்தின் எண்ணுக்கும் அட்டவணையின் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், முதலில் இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். வகுபட்டாலும் வகுபடாவிட்டாலும், இரண்டில் எது சரி என்பதை மூல வெளியீட்டைத் திறந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் படிக்கும் அறிக்கையில் இப்படி ஒரு முரண்பாடு கண்ணில் பட்டால், "படம் தவறு" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்தப் பக்கம், எந்தப் பட்டை, அளந்தால் என்ன வருகிறது, லேபிளில் என்ன இருக்கிறது, அட்டவணையில் என்ன இருக்கிறது, மூலத்தில் என்ன இருக்கிறது என்று ஐந்தாறு வரியில் எழுதி, வெளியிட்டவர்களுக்கு அனுப்புங்கள். அப்படி வரும் கடிதத்தைப் பெறுகிறவர் ஒரே நிமிடத்தில் கோப்பைத் திறந்து பார்த்துவிட முடியும்.